அப்பாவுக்குக் கால் வீக்கம்: தண்ணீரில் போட்டால் பொங்குகிற வைட்டமின் மாத்திரை காரணமாக இருக்குமா?

மேலூர்_கார்த்தி
(இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அட்டாக் வந்தது. அதற்கப்புறம் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். பிரஷரும் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். தினமும் காலையில் ஒண்ணுக்கு போய்விட்டு வந்ததும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பார். பழைய கணக்குப்பிள்ளை, ஒரு நாள் விட மாட்டார்.

அந்த நோட்டில்தான் பிரச்சினை தெரிந்தது. போன மாதம் 61.2 கிலோ. ஒன்பதே நாளில் 63.8. பசியில்லை, சாப்பாடு குறைந்துதான் இருக்கிறது, எடை மட்டும் ஏறுகிறது. சாக்ஸ் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்த மாதிரி தடம். ராத்திரி ஒரு தலையணை போதாமல் இரண்டு வைத்துப் படுத்தார். மருத்துவமனையில் நீர் மாத்திரையை 40-லிருந்து 80 ஆக்கினார்கள். "வீட்டில் உப்பு கூடுதலா போடறீங்களா, ஊறுகாய், அப்பளம்?" என்று கேட்டார்கள். நானும் தங்கையும் அம்மாவைப் போட்டுக் கேள்வி கேட்டோம். அவர் இரண்டு வருடமாகத் தனி சட்டியில் உப்பில்லாமல் சமைக்கிறவர். அழுதுவிட்டார்.

மாத்திரைகளில் எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: சிங்கப்பூரிலிருந்து வந்த தங்கை தண்ணீரில் போட்டால் பொங்குகிற வைட்டமின் மாத்திரை சில ட்யூப் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு அந்த ஆரஞ்சு ருசி ரொம்பப் பிடித்துவிட்டது. வைட்டமின் சூடு என்று சொல்வார்களே, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இப்படி வீங்குமா? அலர்ஜி மாதிரி?

---

நெல்லிக்காய்

கம்பெனி வைட்டமின் எதற்கு? ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயைச் சொல்லவே வேண்டாம். செயற்கையை உள்ளே விட்டால் உடம்பு இப்படித்தான் காட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் நெல்லிக்காய் ஜூஸ் கொடுங்கள், சூடும் தணியும்.

---

கேப்டன்67

தம்பி, நானும் பிரஷர் பேஷண்ட். பதினெட்டு வருடம். அதே ட்யூப் மாத்திரையை நானும் போடுகிறேன். நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், துளிகூட உப்புக் கரிக்காது. புளிப்பும் இனிப்பும்தான். வைட்டமின் சி கூடினால் உடம்பே வெளியேற்றிவிடும். எனவே காரணம் அதுவல்ல. கிட்னி டெஸ்ட் எடுங்கள்.

---

மருந்துக்கடை_ராஜி

கார்த்தி, அலர்ஜியும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் மருத்துவமனை மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பம்பிங் குறைந்தவர் இப்படிச் சாப்பாடு குறைந்து எடை ஏறி வந்தால் நான் மூன்று விஷயம் கேட்பேன். வலி மாத்திரை ஏதாவது போட்டாரா? மருந்தை விட்டாரா? தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற எதையாவது குடிக்கிறாரா? மூன்றாவதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை, சத்து.

கேப்டன் ஐயா, நாக்கை நம்ப வேண்டாம். காரணத்தைக் கீழே வேறு யாராவது சொல்வார்கள், இங்கே ஒரு வாத்தியார் இருக்கிறார்.

கார்த்தி, வீட்டிலிருக்கிற எல்லா ட்யூபையும் எடுத்து வையுங்கள். வைட்டமின் மட்டுமல்ல, கரைத்துக் குடிக்கிற எதுவானாலும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் என்ன எழுதியிருக்கிறது, அப்பா ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறார், எத்தனை தம்ளர் தண்ணீரில் போடுகிறார். இந்த மூன்றும் வேண்டும். "டெய்லி ஒண்ணு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், பெரியவர்கள் ருசி பிடித்தால் இரண்டு போடுவார்கள்.

அதற்கு முன்னால்: இப்போது படுத்தால் மூச்சு வாங்குகிறதா? வாங்கினால் இந்த இழையை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

ராஜி அம்மா என்னைத்தான் மாட்டிவிட்டார் போல. பிளஸ் டூ பையன்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாத்திரை பொங்குவது வைட்டமினால் அல்ல. உள்ளே இரண்டு சரக்கு காய்ந்த நிலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று சிட்ரிக் அமிலம், நம் எலுமிச்சைப் புளிப்பு. மற்றொன்று சோடியம் பைகார்பனேட், இட்லி மாவில் கள்ளத்தனமாகப் போடுகிற அதே சோடா உப்பு. காய்ந்திருக்கும்வரை சண்டையில்லை. தண்ணீர் பட்டதும் இரண்டும் மோதுகின்றன:

```
C6H8O7 + 3 NaHCO3 → Na3C6H5O7 + 3 H2O + 3 CO2
```

வலது பக்கம் பாருங்கள். கடைசியில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் குமிழி. அது மேலே வந்து போய்விடுகிறது. சோடியம் எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. சோடியம் சிட்ரேட்டாகத் தம்ளரிலேயே கரைந்து நிற்கிறது. நுரை அடங்கட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தாலும் அளவு ஒன்றுதான். சிலர் ஸ்பூனால் கலக்கிக் காஸைப் போக்கிவிட்டுக் குடிப்பார்கள், அதனால் ஏப்பம் குறையும், சோடியம் குறையாது.

உப்புக் கரிக்காததற்குக் காரணமும் இதுதான். உப்புச் சுவை என்று நாக்கு சொல்வது சோடியமும் குளோரைடும் சேர்ந்த சமையல் உப்பை. சிட்ரேட்டோடு வரும் சோடியம் அப்படிக் கரிக்காது, அதற்கு மேல் புளிப்பும் இனிப்பூட்டியும் போர்த்திவிடும். கேப்டன் ஐயா நக்கிப் பார்த்தது தப்பில்லை, கருவிதான் தப்பு.

அளவு வேண்டுமானால்: ஒரு கிராம் சோடா உப்பில் 274 மில்லிகிராம் சோடியம். இந்த மாத்திரைகள் ஒன்று நாலு கிராம் வரை எடை இருக்கும், அதில் சோடா ஒரு கிராம் வருவது சாதாரணம்.

---

ஷார்ஜா_வாணி

அய்யோ கார்த்தி, உங்க பதிவைப் படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு. எங்க மாமியாருக்கு மெல்லுற ஆரஞ்சு வைட்டமின் சி மாத்திரை தினமும் ஒண்ணு. அவங்களுக்கும் பிரஷர். போன வாரம் 150 இருந்துச்சு. அதுலயும் இந்த சோடா இருக்கா? உடனே நிறுத்தணுமா?

---

மருந்துக்கடை_ராஜி

வாணி, மெல்லுகிற மாத்திரை வேறு கதை. அதில் பொங்க வைக்கிற சோடா கிடையாது. சிலவற்றில் வைட்டமினே சோடியம் ஆஸ்கார்பேட் என்ற வடிவத்தில் இருக்கும். 450 மில்லிகிராம் ஆஸ்கார்பேட்டில் சோடியம் ஐம்பது சொச்சம் மில்லிகிராம். ஒரு இட்லியில் இருக்கிற உப்பைவிட அதிகம் ஒன்றுமில்லை. 150-க்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள், அவர் எந்த நேரத்தில் பார்த்தார், காபி குடித்துவிட்டா என்பதிலிருந்து.

---

மேலூர்_கார்த்தி

மூச்சு இப்போது பரவாயில்லை. 80 போட ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது, எடை 62.9-க்கு வந்திருக்கிறது.

ட்யூப்களை எடுத்துப் பரப்பினேன். தங்கையிடம் போனில் கேட்டேன், அப்பாவிடமும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்று, வைட்டமின் சி 1000. இது இங்கே மேலூரில் வாங்கியது, ருசி பிடித்துப்போய் அப்பாவே வாங்கிக்கொண்டாராம். காலை ஒன்று, மாலை ஒன்று. பின்னால் சோடியம் எத்தனை என்று நம்பர் இல்லை. 20 மாத்திரை, நிகர எடை 80 கிராம் என்று இருக்கிறது. சேர்மானத்தில் "அமிலத்தன்மை சீராக்கி ஐ.என்.எஸ். 330, ஐ.என்.எஸ். 500" என்று பொடி எழுத்தில்.

இரண்டு, சிங்கப்பூர் மல்டிவைட்டமின். மதியம் ஒன்று. இதில் சோடியம் 260 மி.கி. என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குத் தெரியவே தெரியாது. கரையும் பாரசிட்டமால் 500. முழங்கால் வலிக்கு ராத்திரி இரண்டு சேர்த்து ஒரே தம்ளரில். "விழுங்க வேண்டாம், தொண்டையில் நிக்காது" என்று தங்கைதான் கொடுத்திருக்கிறாள். உள்ளே இருந்த காகிதத்தில் ஒரு மாத்திரைக்குச் சோடியம் 430 மி.கி.

---

மருந்துக்கடை_ராஜி

கார்த்தி, நன்றாகவே தேடியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்து கூட்டுவோம்.

முதல் ட்யூப்பில் நம்பர் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. ஐ.என்.எஸ். 500 என்றாலே சோடியம் கார்பனேட் குடும்பம். அடைப்புக்குள் ரோமன் ஒன்று இருந்தால் சோடியம் கார்பனேட், இரண்டு இருந்தால் பைகார்பனேட். 330 சிட்ரிக் அமிலம். சேர்மானப் பட்டியலில் அதிகமாக இருப்பது முதலில் வரும், ஆகவே 500 மேலே இருந்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நம்பர் போட்டிருக்கும் வைட்டமின் சி 1000 அட்டைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் மாத்திரைக்கு 200 முதல் 350-க்குள் வரும். வாத்தியார் சொன்ன கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. நாம் 280 என்று வைப்போம். இது ஊகம், ஆனால் பெரிதாகத் தவறாது.

காலையும் மாலையும் வைட்டமின் சி: 560. மல்டிவைட்டமின்: 260. பாரசிட்டமால் இரண்டு: 860. மொத்தம் 1680 மில்லிகிராம் சோடியம்.

உலக சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்காரருக்கே ஒரு நாளைக்கு வைத்திருக்கிற எல்லை 2000-க்குள். அதாவது உங்கள் அப்பா ஒரு வாய் சோறு சாப்பிடுவதற்கு முன்பே எல்லையில் பெரும்பகுதியைத் தம்ளரில் குடித்து முடித்துவிட்டார். சமையல் உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்குங்கள்: 4.2 கிராம். கிட்டத்தட்ட முக்கால் டீஸ்பூன். இதை அம்மா குழம்பில் போட்டிருந்தால் அப்பா முதல் வாயிலேயே தட்டைத் தள்ளியிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் கணக்கில் வைக்காதது. ஒவ்வொரு தடவையும் ஒரு தம்ளர், 200 மில்லி. நாலு தம்ளர், 800 மில்லி. ஒன்றரை லிட்டரில் பாதிக்கு மேல் அதிலேயே போகிறது. அப்பா அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதினாரா?

---

மேலூர்_கார்த்தி

நோட்டைப் பார்த்தேன். காபி, மோர், ரசம் எல்லாம் எழுதியிருக்கிறார். இது இல்லை. கேட்டால் "அது மருந்துடா" என்கிறார். டாக்டரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது "அது சத்துடா". இரண்டு பக்கமும் தப்பித்திருக்கிறது.

---

எதிர்க்கேள்வி

இழை ஒரே பக்கமாகப் போவதால் ஒரு கல் எறிகிறேன்.

சோடியம் என்றாலே பிரஷர் என்று முடிச்சுப் போடுகிறோம். 1987-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், உப்புக்குப் பிரஷர் ஏறுகிற ஆண்களுக்கு அதே அளவு சோடியத்தைச் சிட்ரேட்டாகக் கொடுத்தபோது ஏறவில்லை. குளோரைடாகக் கொடுத்தபோதுதான் ஏறியது. வாத்தியார் எழுதிய சமன்பாட்டில் வலது பக்கம் இருப்பது சிட்ரேட்தானே?

அடுத்து, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 2013 பிரிட்டிஷ் ஆய்வு. சுமார் 13 லட்சம் பேரின் பதிவேடு. சோடியம் உள்ள கரையும் மருந்து எடுத்தவர்களுக்குப் பிரஷர் நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அதே ஆய்வில் இதயச் செயலிழப்பு புதிதாக வருவது கூடவில்லை, எண் 0.98, அதாவது சோடியம் இல்லாத மருந்து எடுத்தவர்களைப் போலவேதான். அதை யாரும் சொல்வதில்லை.

கார்த்தியின் அப்பாவை நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "இதுதான் காரணம்" என்று முத்திரை குத்த நம்மிடம் ஆதாரம் இருக்கிறதா?

---

மருந்துக்கடை_ராஜி

நல்ல கல். இரண்டும் உண்மை, நானும் படித்திருக்கிறேன்.

முதலாவதற்கு: சிறிய ஆய்வு, சில நாள். பிறகு ஸ்பெயினில் பிரஷர் உள்ளவர்களுக்கே பொங்குகிற பாரசிட்டமால் ஒரு கிராம் தினம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள், பின் சாதாரண மாத்திரைக்கு மாற்றினார்கள். 24 மணி நேரமும் கையில் கருவி கட்டிப் பார்த்ததில் மேல் பிரஷர் 4 புள்ளி அளவுக்கு வித்தியாசம். 4 சின்ன எண்தான். ஆனால் அது பைகார்பனேட்டும் சிட்ரேட்டும் உள்ள மாத்திரையில் வந்த 4. ஆகவே குளோரைடு இல்லையென்றால் பூஜ்யம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சமையல் உப்பு அளவுக்கு மோசமா என்று கேட்டால் அதற்கும் எனக்கு உறுதியான பதில் கிடையாது.

2013 ஆய்வில் ஏழு மடங்கு என்பதை நானும் அப்படியே நம்புவதில்லை. கரையும் மருந்தைக் கேட்டு வாங்குகிறவர் ஏற்கெனவே விழுங்க முடியாத, கூடுதல் நோயுள்ள ஆளாக இருப்பார். அதை முழுக்கக் கழித்துவிட முடியாது.

ஆனால் 0.98 என்ற எண் நல்ல இதயம் புதிதாகக் கெடுமா என்ற கேள்விக்கு வந்த பதில். கார்த்தியின் அப்பா ஏற்கெனவே 30 சதவீதத்தில் ஓடுகிறவர். அவருடைய பிரச்சினை பிரஷர் அல்ல, நீர். இரத்த ஓட்டம் குறைவதை உடம்பில் நீரே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொண்டு சோடியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சோடியம் போகாத இடத்தில் தண்ணீரும் போகாது. நீர் மாத்திரை செய்வதெல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான். ஒரு பக்கம் பிடியைத் தளர்த்துகிறோம், மறுபக்கம் நாலு தம்ளரில் ஊற்றுகிறோம்.

உங்கள் பக்கம் நியாயமாக ஒன்று சேர்க்கிறேன். 2022-ல் வந்த ஒரு பெரிய சோதனையில் இதயச் செயலிழப்புக்காரர்களைச் சோடியம் 1500-க்குள் கடுமையாக இறக்கிப் பார்த்தார்கள். மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆகவே உப்பே கூடாது என்று தட்டைப் பறிக்கிற கடுமைக்கு ஆதாரம் குறைவு. ஆனால் அந்தச் சோதனையில் 1500-ஐ 2000 சொச்சத்தோடு ஒப்பிட்டார்கள். மேலே இன்னும் 1680-ஐக் கொட்டினால் என்ன என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள்.

---

எதிர்க்கேள்வி

சரி, நீர் தேங்குவது என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். பிரஷர் மட்டும் உள்ளவருக்கு என் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

---

லண்டன்_குளிசை

நான் இங்க லண்டனில ஒரு பார்மசியில கவுன்டரில நிக்கிறன். எங்கட ஆக்கள் கரையிற பாரசிட்டமால் குளிசையை சூட்கேஸ் நிறைய வாங்கிக்கொண்டு ஊருக்குப் போறது எனக்குத் தெரியும், விக்கிறதே நான்தான். அம்மாவுக்கு ரெண்டு, மாமாவுக்கு ரெண்டு பெட்டி எண்டு.

இங்க ஐரோப்பிய விதிப்படி ஒரு மருந்தோட நாள் முழு அளவில 391 மில்லிகிராமுக்கு மேல சோடியம் இருந்தா, அதை நீண்டகாலம் எடுக்கிறவைக்கு "சோடியம் அதிகம்" எண்டு உள்ளுக்குள்ள இருக்கிற காகிதத்தில எச்சரிக்கை போடவேணும். கரையிற பாரசிட்டமால் ஒரு குளிசையிலேயே அந்த எல்லை தாண்டுது. நாளுக்கு எட்டு வரைக்கும் போடலாம் எண்டுதான் பெட்டியில இருக்கு. எட்டுப் போட்டா கணக்கைப் பாருங்கோ, மூண்டரை கிராம் சோடியம்.

கஷ்டம் என்னெண்டா அந்த எச்சரிக்கை காகிதத்துக்குள்ள இருக்கு. ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கழட்டிப்போட்டு குளிசையை மட்டும் கொண்டு போவினம், சூட்கேஸில இடம் மிச்சம் பிடிக்க. காகிதம் லண்டன் குப்பைத்தொட்டியில. வைட்டமின் ட்யூப் எண்டால் அது மருந்தில்ல, சாப்பாட்டுச் சாமான், மருந்துக்கான அந்த விதி அதுக்குப் பொருந்தாது.

கார்த்தி தம்பி, தங்கச்சியை ஏசாதேங்கோ. அவ அன்பிலதான் கொண்டு வந்தவ.

---

கேப்டன்67

நானும் என் ட்யூபைப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், 500 எழுதியிருக்கிறது. மூன்றாவது இடத்தில். நாளைக்கு ஒன்றுதான் போடுகிறேன்.

ஒரு யோசனை. கடையில் விசாரித்தேன், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டுப் பொங்க வைக்கிற மாத்திரையும் உண்டாம். பொட்டாசியம் பிரஷருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கார்த்தி தம்பியின் அப்பாவுக்கு ருசியும் போகாது. அதற்கு மாற்றிவிடலாமே?

---

மருந்துக்கடை_ராஜி

ஐயா, இந்த இழையில் வந்ததிலேயே ஆபத்தான யோசனை இதுதான். உங்கள் மேல் கோபமில்லை, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கார்த்தி, அப்பாவின் மருந்துச் சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறதா? ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன் இவற்றில் ஏதாவது? பம்பிங் 30 என்றால் கட்டாயம் இருக்கும். இவை எல்லாமே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்குகிற மருந்துகள். அதன் மேல் பொட்டாசியத்தைக் கரைத்துக் குடித்தால் இரத்தத்தில் அளவு ஏறும். ஏறுவதற்கு அறிகுறி பெரும்பாலும் இருக்காது. சிலருக்குக் கை கால் தளர்ச்சி, பலருக்கு நேரடியாக இதயத் துடிப்புதான் தடுமாறும். ஐ.என்.எஸ். 501 என்று இருந்தால் அது பொட்டாசியம் வகை. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்கிற உப்பும் இதே சங்கதிதான். இந்த மருந்து எடுக்கிறவர் வீட்டில் அது கேட்காமல் நுழையக் கூடாது.

---

மேலூர்_கார்த்தி

ஸ்பைரோனோலாக்டோன் 25, ராமிப்ரில் 5. இரண்டும் இருக்கிறது.

மூன்று ட்யூபும் எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன். இனி நீர் மாத்திரையைப் பழையபடி 40-க்குக் கொண்டுவரலாமா? வீக்கத்துக்குக் காரணம்தான் தெரிந்துவிட்டதே.

---

மருந்துக்கடை_ராஜி

நீங்களாகக் குறைக்காதீர்கள், ஆனால் கேள்வி மிகச் சரியானது. டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். 80 என்பது அந்த 1680-ஐயும் சேர்த்து வெளியேற்றப் போட்ட அளவு, அது தெரியாமலே போட்டது. இப்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டீர்கள். 80 அப்படியே ஓடினால் எதிர்ப்பக்கம் சாயும்: எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும், நாக்கு வறளும், கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் ஏறும், எடை 61-க்கும் கீழே போகும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து வருவார்கள்.

போகும்போது நோட்டையும் மூன்று ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள். "வைட்டமின் மாத்திரை போட்டார்" என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்கள். மேஜையில் வைத்து "ஒரு நாளைக்கு 1680" என்று சொல்லுங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் பார்க்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

அதுவரை எடையே உங்கள் கருவி. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் போன் பண்ணுங்கள். இறங்கினாலும் சொல்லுங்கள்.

முழங்கால் வலிக்குச் சாதாரணமாக விழுங்குகிற பாரசிட்டமால், அதே 500. அதில் சோடியம் அநேகமாக இல்லை. பெரிதாக இருந்தால் இரண்டாக உடைக்கலாம். தயவுசெய்து டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் பக்கம் போய்விடாதீர்கள், அது இதைவிட மோசமாக நீரைத் தேக்கும்.

---

நெல்லிக்காய்

நான் ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொன்னேன். கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்தீர்கள்.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

விடை சரி, வழிமுறைக்கு மார்க் கிடையாது. போகட்டும், நெல்லிக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடச் சொல்லாமல் இருந்தால் சரி. ஜூஸ் என்றால் அதையும் ஒன்றரை லிட்டரில் எழுத வேண்டும்.

---

ஷார்ஜா_வாணி

ராஜி அக்கா, ஒரே ஒரு கேள்வி. பிரஷர் இருக்கு, பம்பிங் எல்லாம் நல்லா இருக்குன்னா, காய்ச்சல் வந்தப்போ ரெண்டு நாள் கரையுற மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாதுதானே? மாமியாருக்கு விழுங்கவே வராது.

---

மருந்துக்கடை_ராஜி

இரண்டு நாளுக்கு நான் பயப்பட மாட்டேன். மாதக் கணக்கில் தினமும் என்றால்தான் கேட்பேன். விழுங்க வராவிட்டால் பாரசிட்டமால் சிரப் இருக்கிறது. பெரியவர் அளவுக்கு எத்தனை மில்லி என்று மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள், குழந்தை சிரப்பில் இரண்டு மூன்று செறிவு உண்டு. ஜீரணத்துக்குக் குடிக்கிற பொங்குகிற பொடியையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து கிராம் பாக்கெட்டில் பாதிக்கு மேல் சோடாதான். பிரியாணி சாப்பிட்ட நாளில் பிரியாணியின் உப்பு ஒரு பக்கம், அதைச் செரிக்க வைக்கிற உப்பு இன்னொரு பக்கம்.

---

மேலூர்_கார்த்தி
(பன்னிரண்டு நாள் கழித்து)

விவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் ட்யூப்களை மேஜையில் வைத்தேன். பாரசிட்டமால் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. நீர் மாத்திரையை 40-க்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தார். கிரியாட்டினின் இறங்கிவிட்டது. எடை நேற்று 61.0, இன்று 61.3. தலையணை ஒன்றுதான்.

இதுதான் முழுக் காரணமா என்று கேட்டேன். "நீர் மாத்திரையும் கூட்டினோம், இதையும் நிறுத்தினீங்க, எது எவ்வளவு செய்ததுன்னு பிரிக்க முடியாது" என்றார். எதிர்க்கேள்வி சார் சந்தோஷப்படுவார்.

அப்பாவுக்கு ஆரஞ்சு ருசிதான் ஏக்கம். சாத்துக்குடி அரைத் தம்ளர் கொடுத்து நோட்டில் எழுத வைக்கிறோம். அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன், முக்கால் ஸ்பூன் உப்பை ஒரு தட்டில் கொட்டியே காட்டினேன். பார்த்தார். "அன்னிக்கு ஊறுகாய் பாட்டிலை எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

---

கேப்டன்67

நல்லது தம்பி. நானும் அப்போதிருந்து போடவில்லை. பிரஷர் 142-லிருந்து 138. என் வீட்டுக்காரி அது நடைப்பயிற்சியால் என்கிறாள். நடக்க ஆரம்பித்ததும் அதே வாரம்தான்.